"வாடகையை ஏத்தாம புதுப்பிச்சுக் கொடுங்க" என்று கேட்பது எப்படி? என் கிளினிக் கணக்கு

நண்பர்களே, இன்று மருத்துவம் இல்லை. கொஞ்சம் நீளமான பதிவு. வாடகைக்கு இருப்பவர்களும், வாடகைக்கு விட்டிருப்பவர்களும் படிக்கலாம்.

திருச்சியில் ஒரு குடியிருப்புத் தெருவில் என் கிளினிக். தரைத்தளத்தில் இரண்டு அறை, ஒரு வராண்டா. மாடியில் ஓனர் அம்மா தனியாக இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். மகன் வெளியூரில் வேலை. கீழே நான் கொடுக்கும் வாடகையில்தான் அந்த அம்மாவின் மாதம் ஓடுகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதையில் வில்லன் யாரும் கிடையாது.

2021 பிப்ரவரியில் உள்ளே வந்தபோது வாடகை 12,000. பதினொரு மாதத்துக்கு ஒரு தடவை ஒப்பந்தம் புதுப்பிப்போம், ஒவ்வொரு தடவையும் பத்து சதவீதம் சுற்றி ஏறும். 13,200, 14,500, 16,000, கடைசியில் 18,000. அந்த ஐந்தாவது ஒப்பந்தம் 2025 ஆகஸ்ட் 31ல் முடிய வேண்டும். நாலரை வருஷத்தில் 50 சதவீத ஏற்றம். இதே காலத்தில் என் கன்சல்டிங் பீஸும் 100ல் இருந்து 150 ஆனது. அதுவும் 50 சதவீதம்தான். ஆக இதுவரை நடந்ததில் எனக்குப் புகார் ஒன்றும் இல்லை.

ஆனால் இந்தத் தடவை பீஸை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் சுகருக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் வரும் வயசானவர்கள். நடந்தே வருகிறவர்கள். 150 என்பதே சிலருக்கு யோசிக்க வைக்கும் தொகை. "இந்த மாசம் மாத்திரை மட்டும் கடையில வாங்கிக்கிறேன் சார், அடுத்த மாசம் வந்து காட்டுறேன்" என்று சொல்வார்கள். அந்த ஒரு மாதத்தில்தான் கால் புண் பெரிதாகும். அதனால் ஒரு வருஷமாவது செலவு ஏறாமல் பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். பட்டியலில் முதல் வரி வாடகை.

சரி, கேட்கலாம். எதைச் சொல்லிக் கேட்பது?

முதலில் தோன்றிய காரணம், "வாடகை ஏறினால் நோயாளிகளுக்குப் பாரம்" என்பது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பத்து சதவீதம் என்றால் மாதம் 1,800. மாதத்தில் 26 நாள் திறக்கிறேன், நாளைக்குச் சுமார் 70 ரூபாய். தினம் 35 பேர் பார்க்கிறேன் என்று வைத்தால் ஆளுக்கு இரண்டு ரூபாய். இதை எழுதிக் கொடுத்தால் யாரும் சிரிப்பார்கள். இந்த ஒரு ஏற்றம் என்னை ஒன்றும் சாய்த்துவிடாது. பதினொரு மாதத்துக்கு ஒரு தடவை, அதன் மேல் அதன் மேல் என்று ஏறிக்கொண்டே போவதுதான் பிரச்சினை. ஆகவே "கஷ்டம்" என்ற காரணத்தை அடித்துவிட்டேன்.

அடுத்து, ஓனர் அம்மா பக்கத்தில் இருந்து கணக்குப் போட்டேன். எல்லா வாடகைதாரர்களும் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

பத்து சதவீதம் ஏற்றினால் வாடகை 19,800. பதினொரு மாதத்தில் அந்த அம்மாவுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 1,800 பெருக்கல் 11, அதாவது 19,800. கவனித்தீர்களா? ஏற்றத்தின் மொத்த லாபமும் புது வாடகையில் சரியாக ஒரு மாதம். என் வாடகைக்கு மட்டும் இல்லை, பத்து சதவீதம் பதினொரு மாதம் என்றால் எந்த வாடகைக்கும் இப்படித்தான் வரும். இருப்பவர் காலி செய்து, இடம் ஒரே ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால், ஏற்றியதன் பலன் மொத்தமும் போச்சு. புது ஆள் பத்து மாதம் 19,800 கொடுத்தாலும் 1,98,000. பழைய ஆள் பதினொரு மாதம் 18,000 கொடுத்தாலும் 1,98,000.

இதற்கு மேல் புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை, 19,800. பெயின்ட் அடித்து, ஆணி அடித்த ஓட்டையெல்லாம் பூசிக் கொடுக்க எங்கள் பக்கம் ஒரு 25,000. ஆக ஆளை மாற்றினால் முதல் பதினொரு மாதத்தில் அந்த அம்மாவுக்கு 44,800 ரூபாய் குறையும்.

இதோடு நிறுத்தினால் நமக்குச் சாதகமான கணக்கு. நேர்மையாக அடுத்த பதினொரு மாதத்தையும் போட வேண்டும். புது ஆளுக்கு அப்போது இன்னொரு பத்து சதவீதம் ஏறி 21,780. நான் அதே 18,000ல் உட்கார்ந்திருந்தால் மாதம் 3,780 வித்தியாசம், பதினொரு மாதத்துக்கு 41,580. முதல் சுற்றில் இழந்தது கிட்டத்தட்ட முழுக்க திரும்பி வந்துவிடுகிறது. மூன்றாவது சுற்றில் இருந்து என்னை அதே வாடகையில் வைத்திருப்பது அவருக்குச் சுத்த நஷ்டம்.

ஆக இந்தக் கணக்கு எனக்குச் சொன்னது: வாடகையை மாற்றாமல் வைக்கச் சொல்லி ஒரு தடவை கேட்பது நியாயம். "இனிமேல் ஏத்தவே கூடாது" என்பது அவர் பையில் கைவிடுவது. எவ்வளவு காலத்துக்குக் கேட்கலாம் என்ற அளவை நமக்குத் தருவதுதான் இந்தக் கணக்கின் உபயோகம்.

இன்னொரு ஓட்டையும் இதில் இருக்கிறது. இது முழுக்க "நான் காலி செய்துவிடுவேன்" என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. கிளினிக் அவ்வளவு சுலபமாக நகராது. கை கழுவும் பேசினுக்குப் பைப் இழுத்திருக்கிறேன், பரிசோதனைக்குத் தடுப்பு கட்டியிருக்கிறேன். மருத்துவ நிலையங்கள் சட்டப் பதிவு இந்த முகவரியில் இருக்கிறது. ஊசி, பஞ்சு எடுத்துப் போகும் மருத்துவக் கழிவு வண்டிக்கும் இந்த முகவரிதான். எல்லாவற்றுக்கும் மேலாக, நடந்து வரும் பாட்டி ஒரு கிலோமீட்டர் தள்ளி வரமாட்டார். இது எனக்குத் தெரியும், மாடியில் இருப்பவருக்கும் தெரியும். "ஏத்தினா போயிடுவேன்" என்று நான் சொன்னால் அது வெறும் மிரட்டல், அதுவும் பொய் மிரட்டல்.

அதனால் 44,800 கணக்கைக் கடிதத்தில் எழுதவில்லை. அது எனக்கு மட்டும். கடிதத்தில் என்ன எழுதுவது என்பதற்கு வேறு கேள்வி கேட்டுக்கொண்டேன்: வாடகை ஏற்றத்துக்குப் பதிலாக, அந்த அம்மாவுக்குப் பிரயோஜனப்படுகிற மாதிரி நான் எதைக் கொடுக்க முடியும்?

ஜூன் முதல் வாரம், அதாவது ஒப்பந்தம் முடிய கிட்டத்தட்ட மூன்று மாதம் இருக்கும்போது, இந்தக் கடிதத்தைக் கொடுத்தேன். தேவைப்படுபவர்கள் மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

"மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

தங்கள் தரைத்தளத்தில் நான் நடத்தும் கிளினிக்கின் வாடகை ஒப்பந்தம் 31.08.2025 அன்று முடிகிறது. மேலும் 11 மாதங்களுக்கு, 01.09.2025 முதல் 31.07.2026 வரை, இப்போதைய வாடகை ரூ.18,000லேயே புதுப்பித்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2021 பிப்ரவரி முதல் ஒவ்வொரு மாத வாடகையும் 5ஆம் தேதிக்குள் தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டுள்ளது. மின் கட்டண பாக்கி எதுவும் இல்லை.

இந்தக் கோரிக்கை இந்த ஒரு ஒப்பந்த காலத்துக்கு மட்டுமே. 01.08.2026 முதல் வாடகையை 5 சதவீதம் உயர்த்தி ரூ.18,900 தர இப்போதே எழுத்தில் சம்மதிக்கிறேன். இந்த 11 மாதங்களும் காலி செய்ய மாட்டேன் என்றும், அதன் பிறகு காலி செய்வதாக இருந்தால் இரண்டு மாதம் முன்பே எழுத்தில் தெரிவிப்பேன் என்றும் ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். ஒப்பந்தம் எழுதும் செலவையும் பதிவுச் செலவையும் நானே ஏற்கிறேன்.

வேறு ஏதாவது தங்களுக்கு வசதியாக இருக்குமானால் சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம்.

தங்கள் உண்மையுள்ள,"

அவ்வளவுதான், ஒரு பக்கம். தேதி, தொகை, கால அளவு மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். பக்கத்துக் கடை வாடகை எவ்வளவு என்ற ஒப்பீடு வேண்டாம். ஒப்பிட ஆரம்பித்தால் அவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே ஒப்பிடத் தெரியும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பத்து நாள் பதில் இல்லை. பிறகு மகன் போன் செய்தார். "டாக்டர், அந்த எடத்தை ஒரு மொபைல் கடைக்காரர் 24,000க்குக் கேக்குறார்."

இங்கே என் கணக்கு படுத்துவிட்டது. 24,000 கொடுக்க ஒருவர் நிஜமாகவே தயாராக நின்றால், பூட்டிக் கிடக்கும் மாதமும் இல்லை, புரோக்கரும் இல்லை. மாதம் 6,000 கூடுதல். அதற்கு எதிராக வாதாட என்னிடம் எதுவும் இல்லை. "உங்களுக்கு அது நல்லதுன்னா யோசிங்க, எனக்கு முன்கூட்டியே சொல்லிடுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? அன்று ராத்திரி பக்கத்துத் தெருக்களில் எங்கெல்லாம் "வாடகைக்கு" போர்டு தொங்குகிறது என்று வண்டியில் சுற்றிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நாள் கழித்து அம்மா மேலே கூப்பிட்டார். காபி வந்தது.

"தம்பி, மொபைல் கடைக்காரன் வராண்டா செவுத்தை இடிச்சு ஷட்டர் போடணும்ங்கிறான். ராத்திரி பத்து மணி வரைக்கும் கடை. எனக்கு அது ஒத்து வராது. பையனுக்கு அது புரியல."

நான் தலையாட்டினேன்.

"நீங்க எழுதினதையும் படிச்சேன். ரெண்டாயிரம் ரூவாய்க்காக நான் அடிச்சுக்கல. மேல வந்து பாருங்க."

மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார். தட்டு ஓடு நாலைந்து இடத்தில் பெயர்ந்து கிடந்தது. கீழே அவர் படுக்கும் அறையின் கூரையில் அந்த இடத்துக்கு நேரே ஈரம் காய்ந்த வட்டம். போன ஐப்பசி மழையில் கட்டிலை நகர்த்திப் போட்டுப் படுத்தாராம். கொத்தனார் 42,000 கேட்டிருக்கிறார். "வாடகை ஏத்தினா மாசம் கொஞ்சம் சேத்து வச்சு அடுத்த வருஷம் பண்ணிடலாம்னு இருந்தேன்."

அந்தக் கணக்கைப் பாருங்கள். மாதம் 1,800 சேர்த்து 42,000 ஆக 24 மாதம் ஆகும். நடுவில் இரண்டு வடகிழக்குப் பருவமழை. அவருக்குத் தேவைப்பட்டது மொத்தமாக ஒரு தொகை, அதுவும் அக்டோபருக்கு முன்னால். வாடகை உயர்வு அதைக் கொடுக்கவே கொடுக்காது.

அங்கேயே நின்று பேசினோம். ஒப்பந்தத்தின் கடைசி இரண்டு மாத வாடகையை, 36,000 ரூபாயை, நான் முன்னாலேயே கொடுத்துவிடுவது. மீதி 6,000 அவர் போட்டுக்கொள்வது. வாடகை 18,000லேயே இருக்கும். எனக்குப் போகும் வட்டி பெரிதாக இல்லை, பணமும் என்றைக்கோ கொடுக்க வேண்டிய பணம்தான். அவருக்கு மழைக்கு முன் கூரை.

"பையன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

ஒப்பந்தம் எழுதும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருந்தோம். நம் ஊரில் "அட்வான்ஸ்" என்றால் திரும்பக் கிடைக்கும் வைப்புத் தொகை என்று அர்த்தம். நான் 2021ல் கொடுத்த ஒரு லட்சம் அப்படிப்பட்டது. இந்த 36,000 அது இல்லை, முன்கூட்டிய வாடகை. இரண்டையும் ஒரே சொல்லில் எழுதினால் நாளைக்கு, அதுவும் கணக்கு மகன் கைக்குப் போகும்போது, சண்டைதான். அதனால் "2026 ஜூன், ஜூலை மாதங்களின் வாடகை ரூ.36,000 முன்கூட்டியே பெறப்பட்டது, இது வைப்புத் தொகையில் சேராது" என்று தனி வரியாகப் போட்டோம்.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் இப்போது நடைமுறையில் இருப்பது 2017ல் இயற்றி, 2019 பிப்ரவரி 22ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம். பழைய 1960 சட்டம் போய்விட்டது. புதிய சட்டம் வாடகை இத்தனை சதவீதம்தான் ஏறலாம் என்று எண் எதுவும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதினோமோ அதுதான். ஆகவே "சட்டப்படி ஏத்தக் கூடாது" என்று ஓனரிடம் சண்டை போட இடமில்லை. அதே மாதிரி, ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் இல்லாத ஏற்றத்தை அவர் கேட்கவும் இடமில்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். 11 மாதம் என்பதால் விலக்கு கிடையாது. tenancy.tn.gov.in தளத்தில் பதியலாம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவு செய்ய வேண்டும்.

"லெட்டர் கொடுத்தேன், தேதி முடிஞ்சு போச்சு, ஓனர் பதிலே சொல்லல" என்றால்? புதுப்பிக்காமலும் காலி செய்யாமலும் காலம் முடிந்தால், அதே நிபந்தனைகளோடு மாதாமாதம் நீடிப்பதாக அந்தச் சட்டம் கருதுகிறது, அதிகபட்சம் ஆறு மாதம் வரை. அதுவரை பழைய வாடகையைத் தேதி தவறாமல் வங்கி வழியாகவே செலுத்துங்கள். ஆனால் இது மூச்சு விடக் கிடைக்கும் இடைவெளி மட்டும். இதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் மூன்று மாதம் முன்பே கேட்கச் சொல்கிறேன்: பதில் "இல்லை" என்றாலும் வேறு இடம் பார்க்க நமக்கு நேரம் இருக்கும், வேறு ஆள் பார்க்க அவர்களுக்கும் நேரம் இருக்கும்.

எப்போது கேட்கக் கூடாது? உங்கள் தெருவில் அதே அளவு இடம் நீங்கள் கொடுப்பதைவிட நாலில் ஒரு பங்கு அதிகமாக உடனுக்குடன் போகிறது என்றால், வாடகையை மாற்றாதீர்கள் என்பது எடுபடாது. எவ்வளவு குறைவாக ஏற்றலாம் என்று பேசுங்கள். இரண்டு, மூன்று மாதம் வாடகை தாமதமாகக் கொடுத்திருந்தால் முதலில் ஒரு வருஷம் தேதிக்குக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள், ஏனென்றால் இந்தக் கோரிக்கையில் நாம் விற்பது அந்த ஒழுங்கைத்தான். போன தடவையும் ஏறவில்லை என்றால் இந்தத் தடவை கேட்காதீர்கள். மேலே போட்ட இரண்டாவது சுற்றுக் கணக்கு ஞாபகம் இருக்கட்டும்.

ஓனர்களுக்கும் ஒரு வரி. கையில் இப்படி ஒரு கடிதம் வந்தால், ஏற்றத்தொகையைப் பதினொன்றால் பெருக்குங்கள். பக்கத்தில், இடம் ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் என்ன ஆகும் என்று எழுதுங்கள். அப்புறம் உங்களுக்கு நிஜமாகத் தேவை மாதாமாதம் வரும் கூடுதலா, வேறு ஏதாவதா என்று பாருங்கள். வேறு ஏதாவது என்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த அம்மா மாடியைக் காட்டியிருக்காவிட்டால் எனக்கு அது தெரிய வழியே இல்லை.

செப்டம்பர் கடைசி வாரம் கொத்தனார் வேலையை முடித்தார். கிளினிக் பீஸ் இன்னும் 150தான்.